இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மூன்று நிலைச் சார்ஜர்: 14.4 வோல்ட்டிலிருந்து எப்போது இறங்க வேண்டும்?

இன்வெர்ட்டர் பேட்டரியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து 14.4 வோல்ட் என்று கண்டவுடன், பேட்டரி நிறைந்துவிட்டது என்று புதியவர்கள் பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த எண் மின்னேற்றம் முடிந்ததைக் காட்டுவதில்லை. சார்ஜர் தன் மேல் எல்லையைத் தொட்டுவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. பேட்டரிக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்போதும் ஏறாமல்தான் இருக்கும். அந்த நேரத்தில் சார்ஜரை நிறுத்தினால் தகடுகளில் சல்பேட் தங்கும். மாறாக, நிறைந்த பிறகும் அதே 14.4 வோல்ட்டில் நாள்கணக்கில் வைத்திருந்தால் நீர் வற்றி, நேர்த்தகடுகளின் உட்கம்பி அரிக்கப்படும். ஆகவே மூன்று நிலைச் சார்ஜரை அமைப்பதில் கவனம் முழுவதும் செல்ல வேண்டிய இடம், இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு இறங்கும் அந்தத் தருணமே ஆகும்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு அமைப்பை எடுத்துக்கொள்கிறது. பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி, நீர் ஊற்றிப் பராமரிக்கும் டியூபுலர் வகை. சார்ஜர், மின்னழுத்த எல்லையையும் மின்னோட்ட எல்லையையும் தனித்தனியே திருப்பி அமைக்கக்கூடிய ஆயத்த நேர்மின் வழங்கி; அதன் மின்னழுத்தத்தைத் தக்க நேரத்தில் குறைக்க ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகை. வீட்டு மின்சாரம் நுழையும் பகுதியைப் புதியவர்கள் தாமே கட்டக் கூடாது என்பதால்தான் ஆயத்த வழங்கியைச் சொல்கிறேன். அதன் உள்ளீடும் வெளியீடும் மின்மாற்றியால் பிரிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். 14.4 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்பது 216 வாட் ஆகும் என்பதால், 300 வாட்டுக்கு மேற்பட்ட வழங்கியைத் தேர்ந்தெடுத்தால் அது திணறாமல் வேலை செய்யும். இன்வெர்ட்டருக்குள்ளேயே மூன்று நிலைச் சார்ஜர் இருந்தால் தனி வழங்கி தேவையில்லை. ஆனால் கீழே வரும் எல்லைகளும் சோதனை முறைகளும் அதற்கும் அப்படியே பொருந்தும்.

மூன்று நிலைகளில் நடப்பது என்ன?

பல்க் எனப்படும் முதல் நிலையில் சார்ஜர் தன் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்கிறது. பேட்டரியின் மின்னழுத்தம் மெல்ல மெல்ல உயர்கிறது. நம் பேட்டரிக்கு அந்த மின்னோட்டம் 15 ஆம்பியர், அதாவது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. டியூபுலர் பேட்டரிகள் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் தாங்கும் என்றாலும், வெப்பமும் குமிழியும் கட்டுக்குள் இருக்க இந்த அளவே போதுமானது.

மின்னழுத்தம் 14.4 வோல்ட்டைத் தொட்டதும் அப்சார்ப்ஷன் எனப்படும் இரண்டாம் நிலை தொடங்குகிறது. இப்போது மின்னழுத்தம் அசையாமல் நிற்க, மின்னோட்டம் தானாகவே 15 ஆம்பியரிலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. பேட்டரியில் ஆறு செல்கள் இருப்பதால் 14.4 வோல்ட் என்பது செல் ஒன்றுக்கு 2.40 வோல்ட். ஏறத்தாழ இந்த அளவில்தான் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழ்களாக வெளிவரத் தொடங்குகின்றன. சிறிதளவு குமிழி நல்லதே: அடியில் அடர்த்தியான அமிலமும் மேலே நீர்த்த அமிலமும் பிரிந்து தங்குவதை அது கலக்கிவிடுகிறது. உயரமான டியூபுலர் பேட்டரிகளில் இப்படிப் பிரிவது எளிதில் நேரும் என்பதால், அவற்றுக்கு இந்த நிலையை முழுமையாக நடத்துவது மிகவும் அவசியம்.

ஃப்ளோட் எனப்படும் மூன்றாம் நிலையில் மின்னழுத்தம் 13.6 வோல்ட்டுக்கு இறக்கப்படுகிறது. பேட்டரி தானாக இழக்கும் சிறு அளவை மட்டும் ஈடுசெய்யும் மின்னோட்டம் அப்போது பாயும். நல்ல பேட்டரியில் அது ஓர் ஆம்பியருக்கும் கீழேதான் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழங்கியின் மின்னோட்ட எல்லையை 15 ஆம்பியருக்கும் மின்னழுத்த எல்லையை 14.4 வோல்ட்டுக்கும் ஒரு முறை அமைத்துவிட்டால், முதல் இரு நிலைகளும் யாருடைய தலையீடும் இல்லாமல் தாமாகவே நடந்துவிடும்; எந்த எல்லை முதலில் எட்டப்படுகிறதோ அதுவே ஆட்சி செய்யும். மூன்றாம் நிலை மட்டும் தானாக வராது. பேட்டரி நிறைந்துவிட்டது என்று யாராவது, அல்லது ஏதாவது, முடிவெடுத்து மின்னழுத்தத்தை இறக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகையின் வேலை முழுவதும் அந்த ஒரு முடிவுதான்.

எல்லைகளை எழுதி ஒட்டுங்கள்

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். அதில் உற்பத்தியாளர் குறிப்பிட்டிருக்கும் மின்னழுத்தங்கள் இங்கே சொல்லப்படுபவற்றிலிருந்து மாறுபட்டால் அந்தத் தாளையே பின்பற்ற வேண்டும். அப்படி எதுவும் இல்லாத நிலையில், நீர் ஊற்றும் 12 வோல்ட் பேட்டரிக்கு 25 பாகை செல்சியஸில் அப்சார்ப்ஷன் 14.4 வோல்ட், ஃப்ளோட் 13.5 முதல் 13.8 வரை என்பது பாதுகாப்பான அமைப்பு. மூடப்பட்ட ஜெல் வகைக்கு அப்சார்ப்ஷன் எல்லை 14.1 அல்லது 14.2 வோல்ட்தான், அதற்குள் குமிழி உண்டானால் அது ஜெல்லில் நிரந்தர இடைவெளிகளை ஏற்படுத்திவிடும், மீண்டும் சரிசெய்ய வழியில்லை. சார்ஜர் எந்தக் கோளாறுக்கு உள்ளானாலும் தாண்டக் கூடாத உச்சமாக 15.0 வோல்ட்டை வைத்து, அதைத் தொட்டால் இணைப்பையே துண்டிக்கும் தனிச் சுற்று ஒன்றையும் சேர்ப்பது நல்லது. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பில் இந்த மின்னழுத்தங்கள் எல்லாம் இரட்டிப்பாகும், மின்னோட்டம் மாறாது.

வெப்பநிலையைப் பொறுத்து இந்த எல்லைகள் நகர்கின்றன. சூடான பேட்டரி குறைந்த மின்னழுத்தத்திலேயே நிறைந்து, குமிழிவிடத் தொடங்கிவிடும். செல் ஒன்றுக்குப் பாகை ஒன்றுக்கு 4 மில்லிவோல்ட் என்று கொண்டால், ஆறு செல்லுக்கு 24 மில்லிவோல்ட் ஆகிறது. பேட்டரியின் வெப்பநிலை 35 பாகையாக இருந்தால் பத்துப் பாகைக்கு 0.24 வோல்ட் கழிக்க வேண்டும்: அப்சார்ப்ஷன் ஏறத்தாழ 14.15, ஃப்ளோட் ஏறத்தாழ 13.35. குளிர்ந்த அறையில் 15 பாகையில் இருந்தால் அதே அளவைக் கூட்ட வேண்டும். வெப்ப உணரியை அறையின் காற்றில் தொங்கவிடாமல், பேட்டரியின் பக்கச் சுவரில் அமிலமட்டத்துக்குக் கீழே ஒட்டுங்கள். அறை 30 பாகையில் இருக்கும்போது மின்னேறும் பேட்டரி 38 பாகையில் இருப்பது சாதாரணம். உணரி இல்லாத சார்ஜராக இருந்தால், வெயில் காலத்துக்கு ஒன்று, குளிர் காலத்துக்கு ஒன்று என்று ஆண்டில் இரு முறை கையால் மாற்றியமைப்பதே போதுமான பலன் தரும்.

இடத்தையும் உங்களையும் ஆயத்தம் செய்தல்

நிறைந்த பேட்டரிக்குள் மேலும் செலுத்தப்படும் ஒவ்வோர் ஆம்பியர்-மணியும், செல் ஒன்றுக்குச் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜனை உண்டாக்குகிறது. மூன்று ஆம்பியர் வீணாகப் பாய்ந்தால், ஆறு செல்லும் சேர்ந்து மணிக்கு ஏழரை லிட்டர் தரும். காற்றில் 4 விழுக்காட்டை எட்டினால் ஹைட்ரஜன் தீப்பற்றும். ஓர் அறைக்கு இது சிறிய அளவே. ஆனால் மூடிய மரப்பெட்டிக்கோ படிக்கட்டுக்கு அடியிலுள்ள கதவு போட்ட பொந்துக்கோ இது பெரிய அளவு. ஹைட்ரஜன் மேலே எழும் என்பதால், காற்றோட்டத் துளை பேட்டரிக்கு மேலே, உயரத்தில் இருக்க வேண்டும். அடுப்பு, பூசை விளக்கு, தீப்பொறி எழக்கூடிய சுவிட்சு ஆகியவை அருகில் இருக்கலாகாது. சார்ஜரைப் பேட்டரிக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். எழும் அமிலப் புகை அதன் பலகையைச் சில மாதங்களில் அரித்துவிடும்.

கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்துகொண்டு, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டே பேட்டரியைத் தொட வேண்டும். பேட்டரி 12 வோல்ட்தானே, மின்னதிர்ச்சி தராதே என்று எண்ணுவது சரிதான். ஆனால் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்து உலோகத்தை உருக்கிவிடும். விரலில் மோதிரம் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானரின் பிடி முழுவதையும் மின்காப்பு நாடாவால் சுற்றிவிடுங்கள். அமிலம் நிரம்பிய 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. இருவர் சேர்ந்து நிமிர்ந்த நிலையிலேயே தூக்க வேண்டும்.

ஒரு வாளி நீரும் சமையல் சோடாவும் பக்கத்தில் இருக்கட்டும். தரையில் சிந்திய அமிலத்தின் மேல் சோடாவைத் தூவி, நுரைப்பது நின்றபின் கழுவலாம். சோடா எந்தக் காரணத்தாலும் செல்லுக்குள் போகக் கூடாது. தோலில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சோடாவைத் தொடவே வேண்டாம். ஓடும் நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் இமையை விரித்துக் கழுவிவிட்டு, எரிச்சல் குறைந்தாலும் மருத்துவரிடம் செல்லுங்கள்.

படிப்படியாக இணைத்தல்

முதலில் இன்வெர்ட்டரையும் அதன் மின்வழங்கலையும் நிறுத்துங்கள். இன்வெர்ட்டருக்குள் ஏற்கெனவே ஒரு சார்ஜர் இருந்து, நீங்கள் வெளியிலிருந்து இன்னொன்றை இணைப்பதாக இருந்தால், உள்ளே இருப்பதை முடக்குவது கட்டாயம். இரண்டும் ஒரே பேட்டரியில் இருந்தால், ஒன்று 14.4 வோல்ட்டில் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மற்றொன்று பேட்டரி நிறைந்துவிட்டதாக எண்ணி ஃப்ளோட்டுக்கு இறங்கிவிடும். எது எதைக் கட்டுப்படுத்துகிறது என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. உள்ளே இருப்பதை முடக்க வழியில்லாவிட்டால் வெளியிலிருந்து இணைக்காதீர்கள்.

அடுத்து ஒவ்வொரு செல்லின் மூடியையும் திறந்து அமிலமட்டத்தைப் பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். முழு மட்டம் வரை ஊற்றுவது மின்னேற்றம் முடிந்த பிறகுதான், ஏனென்றால் ஏறும்போது அமிலம் விரிந்து, குமிழியோடு சேர்ந்து வெளியே வழியும். எந்த நிலையிலும் அமிலத்தைச் சேர்க்கக் கூடாது. ஆவியானது நீர் மட்டுமே. அமிலம் அப்படியே உள்ளே இருக்கிறது.

பேட்டரியை இணைக்காமல் வழங்கியை மட்டும் இயக்கி, அதன் வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்து 14.4 வோல்ட்டுக்குத் திருப்புங்கள். மின்னோட்ட எல்லையைக் குறைந்த அளவுக்குத் திருப்பிவிட்டு வழங்கியை நிறுத்துங்கள். மின்தடையின்போது பேட்டரியிலிருந்து மின்னோட்டம் வழங்கிக்குள் திரும்பாமல் தடுக்கும் டையோடு அல்லது ரிலே இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். டையோடு இருந்தால் அது அரை வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும் என்பதால், அமைக்க வேண்டிய 14.4 வோல்ட் டையோடுக்குப் பிறகு, பேட்டரி முனையில் கிடைக்க வேண்டும்.

சார்ஜரின் நேர்க்கம்பியில், பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள், நேர்மின்சாரத்துக்கென்று குறிக்கப்பட்ட 25 அல்லது 30 ஆம்பியர் ஃபியூஸைப் பொருத்துங்கள். கம்பி எங்காவது உராய்ந்து குறுக்கு இணைப்பு ஏற்பட்டால் அதன் வழியே பாய்வது பேட்டரியின் மின்னோட்டம் என்பதால், ஃபியூஸ் சார்ஜரின் பக்கத்தில் இருந்து பயனில்லை. பிறகு நேர்முனையை இணைத்து, அதன் பின் எதிர்முனையை இணைத்து, முனைகள் மாறவில்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதி செய்த பிறகே வழங்கிக்கு மின்சாரம் கொடுங்கள். இப்போது நேர்மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கம்பியில் மாட்டி, மின்னோட்ட எல்லையை மெல்ல உயர்த்தி 15 ஆம்பியரில் நிறுத்துங்கள். கிளாம்ப் மீட்டர்களில் பல மாறுமின்சாரத்தை மட்டுமே அளப்பவை. அவை இங்கே பூச்சியத்தைக் காட்டும், அதை நம்பி எல்லையை உயர்த்திக்கொண்டே போய்விடாதீர்கள். இந்த அமைப்பைச் செய்யும்போது பேட்டரி பாதியளவாவது இறங்கியிருக்க வேண்டும்; நிறைந்த பேட்டரி 15 ஆம்பியரை ஏற்காது.

பேட்டரி 10.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிக் கிடந்திருந்தால் முழு மின்னோட்டத்தையும் உடனே கொடுக்காதீர்கள். 4 ஆம்பியர் அளவில் தொடங்கி, மின்னழுத்தம் 11 வோல்ட்டைத் தாண்டிய பிறகு 15க்கு உயர்த்துங்கள்.

கம்பியின் தடிமனைப் பற்றி ஒரு சொல். சார்ஜருக்கும் பேட்டரிக்கும் இடையே 2 மீட்டர் என்றால், போக வர 4 மீட்டர் செம்புக்கம்பி. அது 4 சதுர மில்லிமீட்டராக இருந்தால் 15 ஆம்பியரில் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல் வழியிலேயே இழக்கப்படும். 10 சதுர மில்லிமீட்டராக இருந்தால் பத்தில் ஒரு வோல்ட். மெல்லிய கம்பியில் சார்ஜர் தன் முனையில் 14.4 என்று கண்டு பல்க் நிலையை முன்கூட்டியே முடித்துக்கொள்ளும், மொத்த நேரம் நீளும். மின்னோட்டம் குறையக் குறைய இந்த இழப்பும் குறைந்துவிடுவதால் இறுதி விளைவு கெடுவதில்லை. ஆனால் அளப்பதெல்லாம் பேட்டரியின் ஈய முனையின் மேலேயே அளக்கப்பட வேண்டும், கம்பியின் நுனியிலோ சார்ஜரின் திரையிலோ அல்ல. ஈய முனைக்கும் அதன் மேல் பூட்டிய கிளிப்புக்கும் இடையே தனியாக அளந்தால், 15 ஆம்பியர் பாயும்போது சில மில்லிவோல்ட்தான் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது சல்பேட் படிந்திருக்கிறது.

ஒரு முழுச் சுற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

மூன்று மணிநேர மின்தடையில் இன்வெர்ட்டர் 200 வாட் சுமையை ஓட்டியது என்று கொள்வோம். இன்வெர்ட்டரின் திறன் 85 விழுக்காடு என்றால், பேட்டரியிலிருந்து எடுக்கப்படும் மின்னோட்டம்

```
200 / 0.85 / 12 = 19.6 A
19.6 x 3 = 59 Ah
```

ஆக ஏறத்தாழ 40 விழுக்காடு செலவாகியிருக்கிறது. மின்னேற்றும்போது ஒரு பகுதி குமிழியாகவும் வெப்பமாகவும் போய்விடுவதால், திருப்பிக் கொடுக்க வேண்டியது சுமார் 15 விழுக்காடு கூடுதலாக, 68 ஆம்பியர்-மணி.

மின்சாரம் வந்ததும் சார்ஜர் 15 ஆம்பியரில் தொடங்கும். பேட்டரி ஐந்தில் நான்கு பங்கைச் சற்றுத் தாண்டும் வரை, அதாவது சுமார் இரண்டேகால் மணிநேரத்துக்கு, இந்த 15 ஆம்பியர் அப்படியே பாய்ந்து 34 ஆம்பியர்-மணியைத் தரும். அப்போது மின்னழுத்தம் 14.4ஐத் தொடும். மீதி 34 ஆம்பியர்-மணி, குறைந்துகொண்டே வரும் மின்னோட்டத்தால் ஏற வேண்டும். 15லிருந்து 3 வரை இறங்கும்போது முதலில் விரைவாகவும் பிறகு மெல்லவும் குறைவதால் சராசரியை 7 ஆம்பியர் என்று கொண்டால், இதற்கு மட்டும் ஐந்து மணிநேரம் அளவுக்கு ஆகும். மொத்தம் ஏழு மணிநேரம். முதல் பாதி இரண்டேகால் மணியில் ஏறிவிட, அடுத்த பாதிக்கு அதைப்போல இரு மடங்கு நேரம் ஆவதைப் பாருங்கள்; பொறுமையிழந்து மின்னோட்டத்தை உயர்த்துவதால் இந்த இரண்டாம் பாதி குறிப்பிடத்தக்க அளவு சுருங்காது, ஏனென்றால் அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பேட்டரியே தவிர சார்ஜர் அல்ல.

இறங்கும் தருணம்

அப்சார்ப்ஷனை முடிக்க எளிய சார்ஜர்கள் கடிகாரத்தை நம்புகின்றன: 14.4 வோல்ட்டை எட்டிய பிறகு நான்கு மணிநேரம், பிறகு ஃப்ளோட். மேலே கண்ட 40 விழுக்காடு இறக்கத்துக்கு அது சற்றுக் குறைவு. மாறாக, இருபது நிமிட மின்தடைக்குப் பிறகும் அதே நான்கு மணிநேரம் ஓடினால், அதில் பெரும்பகுதி நீரைப் பிரிப்பதில்தான் கழியும். மின்சாரம் நாளொன்றுக்குப் பல முறை போய் வரும் வீடுகளில் பேட்டரிகள் விரைவில் வற்றிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே முடிவை மின்னோட்டத்திடம் ஒப்படையுங்கள். மின்னழுத்தம் 14.4 வோல்ட்டில் நிற்கும்போது, மின்னோட்டம் கொள்ளளவில் 2 விழுக்காட்டுக்கு, அதாவது நம் பேட்டரியில் 3 ஆம்பியருக்கு இறங்கி, அரை மணிநேரம் அதற்குக் கீழேயே நிலைத்தால் பேட்டரி நிறைந்துவிட்டது. இரு நிபந்தனைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். மின்னழுத்தத்தைப் பார்க்காமல் மின்னோட்டத்தை மட்டும் பார்த்தால், வீட்டு மின்சாரம் தாழ்ந்து வழங்கி தளர்ந்திருக்கும் நேரத்தைக்கூடப் பலகை நிறைவென்று எண்ணிவிடும். அரை மணிநேரக் காத்திருப்பு, ஒரு கண இறக்கத்தால் ஏமாறாமல் இருப்பதற்காக. இந்த முறையில், சிறிய மின்தடைக்குப் பிறகு மின்னோட்டம் சில நிமிடங்களிலேயே 3 ஆம்பியருக்கு இறங்கி, சார்ஜர் ஒரு மணிநேரத்துக்குள் ஃப்ளோட்டுக்குச் சென்றுவிடும். நீண்ட மின்தடைக்குப் பிறகு தேவையான ஐந்து மணிநேரமும் கிடைக்கும்.

கடிகாரத்தை முற்றிலும் விட்டுவிடவும் கூடாது. பேட்டரியில் கோளாறு இருந்தாலோ, சார்ஜர் ஓடும்போதே யாரேனும் பேட்டரியிலிருந்து நேராக ஒரு 12 வோல்ட் விளக்கையோ விசிறியையோ இயக்கினாலோ, மின்னோட்டம் 3 ஆம்பியருக்கு இறங்கவே இறங்காது. அதற்காக எட்டு மணிநேரத்தை மேல் வரம்பாக வையுங்கள். அது முடிந்ததும் எந்த நிலையிலும் 13.6 வோல்ட்டுக்கு இறங்கட்டும். மின்தடை நேர்ந்து மின்சாரம் திரும்பியபோதும், ஃப்ளோட்டில் இருக்கையில் மின்னழுத்தம் 12.8 வோல்ட்டுக்குக் கீழே சில நிமிடங்கள் தங்கியபோதும், மீண்டும் முதல் நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

வயதான டியூபுலர் பேட்டரிகளில், தகட்டின் உட்கம்பியில் கலந்துள்ள ஆண்டிமனி மெல்லக் கரைந்து எதிர்த்தகட்டில் படிவதால், நிறைந்த பிறகும் 4 அல்லது 5 ஆம்பியர் பாய்ந்துகொண்டே இருக்கும். எண்ணை மாற்றுமுன் ஹைட்ரோமீட்டரால் உறுதி செய்யுங்கள். ஒரு மணிநேர இடைவெளியில் மூன்று முறை அளந்தும் எல்லாச் செல்களிலும் அமிலத்தின் அடர்த்தி உயராமல் நின்றால், பேட்டரி அப்போது நிறைந்திருக்கிறது. அந்த நேரத்து மின்னோட்டத்தைச் சற்றுக் கூட்டி அதையே புதிய எல்லையாக அமைக்கலாம்.

ஹைட்ரோமீட்டரின் எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரிகள் பல, நிறைந்த நிலையில் 1.240 அடர்த்திக்கே நிரப்பப்படுகின்றன. வாகன பேட்டரிகளுக்கு அது 1.265க்கும் 1.280க்கும் இடையில் இருக்கும். செல்லின் ஓய்வு மின்னழுத்தம், அடர்த்தியுடன் சுமார் 0.84ஐக் கூட்டினால் வரும் எண். ஆகவே 1.240 கொண்ட பேட்டரி முழுமையாக நிறைந்து சில மணிநேரம் ஓய்ந்த பிறகு 12.5 வோல்ட் மட்டுமே காட்டும். வாகன பேட்டரிக்கான அட்டவணையில் நிறைவுக்கு 12.7 என்று இருப்பதைப் பார்த்து, நல்ல பேட்டரியை மேலும் மேலும் ஏற்றிக் கெடுப்பவர்கள் பலர். உங்கள் பேட்டரியின் நிறைவு அடர்த்தி எது என்பதைத் தாளில் பார்த்து முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

கோளாறைக் கண்டறிதல்

மூன்று கோளாறுகளை மட்டும் நன்றாக அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது, குறுக்கு இணைப்பு ஏற்பட்ட செல். இதுதான் ஆபத்தானது. ஒரு செல் செத்துவிட்டால் எஞ்சிய ஐந்தின் மேல் 14.4 வோல்ட்டும் ஏறுகிறது. செல் ஒன்றுக்கு 2.88 வோல்ட். அவை கொதிப்பதுபோல் குமிழ்விட்டுச் சூடாகும், மின்னோட்டமோ குறையவே குறையாது. 15 ஆம்பியர் முழுவதும் குமிழியாகும்போது, அந்த ஐந்து செல்லிலிருந்தும் மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வெளிவரும். அடையாளம்: ஓய்விலிருக்கும் பேட்டரி 10.5 வோல்ட் அருகே நிற்பது, மற்ற ஐந்து செல்லும் குமிழ்விடும்போது ஒன்று மட்டும் அசையாமல் இருப்பது, அதன் அடர்த்தி மட்டும் மிகத் தாழ்ந்திருப்பது. இந்த அடையாளங்கள் தெரிந்தால் மேலும் ஏற்ற முயலாமல் பேட்டரியை மாற்றுங்கள்.

இரண்டாவது, சல்பேட் படிந்த பேட்டரி. இங்கே எல்லாம் மிக வேகமாக முடிந்துவிடும்: பத்து நிமிடத்தில் 14.4 வோல்ட், அரை மணியில் 3 ஆம்பியர், உடனே ஃப்ளோட். சார்ஜருக்கு இது நிறைவாகவே தெரியும். ஆனால் ஹைட்ரோமீட்டர் எல்லாச் செல்லிலும் 1.180 போன்ற தாழ்ந்த எண்ணைக் காட்டும், இன்வெர்ட்டரும் சில நிமிடங்களில் நின்றுவிடும். படிவு புதிதாக இருந்தால், நீர் ஊற்றும் வகைக்கு மட்டும், 5 ஆம்பியருக்கு மேற்படாத மின்னோட்டத்தில் 15.3 வோல்ட் வரை உயர்த்தி, அடர்த்தி உயர்வது நிற்கும்வரை ஏற்றிப் பார்க்கலாம். அதற்குமுன் 15.0 வோல்ட் துண்டிப்புச் சுற்றைத் தற்காலிகமாக உயர்த்தி அமைக்க வேண்டும், இன்வெர்ட்டரைப் பேட்டரியிலிருந்து கழற்றிவிட வேண்டும், நீங்கள் அருகிலேயே இருக்க வேண்டும். வேலை முடிந்த கையோடு துண்டிப்பை 15.0க்கே திருப்பிவிடுங்கள். மூடப்பட்ட பேட்டரிகளுக்கு இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மூன்றாவது, ஃப்ளோட்டுக்கு இறங்காத சார்ஜர். ஓர் ஆம்பியர்-மணி மிகையாகப் பாய்ந்தால் செல் ஒன்றில் சுமார் 0.34 கிராம் நீர் பிரிகிறது. 2 ஆம்பியர் இரவும் பகலும் பாய்ந்தால் நாளொன்றுக்குச் செல்லுக்கு 16 கிராம். பத்து நாளில் ஒரு குவளை அளவு நீர் போய்விடும். மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் நீர் ஊற்ற வேண்டி வந்தால், மின்தடை இல்லாத ஒரு நாளின் காலையில் பேட்டரி முனையை அளந்து பாருங்கள். 13.8க்கு மேல் காட்டினால் சார்ஜர் இறங்கவில்லை. ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட விரைவில் வற்றினால் பிழை சார்ஜரில் இல்லை, அந்தச் செல்லில் இருக்கிறது.

எந்தக் கட்டத்திலும் பேட்டரியின் பக்கச் சுவர் 45 பாகையைத் தாண்டினால் மின்னோட்டத்தைப் பாதியாக்குங்கள். 50ஐத் தொட்டால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது மிகையான மின்னேற்றத்தால் உண்டான ஹைட்ரஜன் சல்பைடு; அது நச்சு வாயு. சார்ஜருக்கான மின்சாரத்தைத் தொலைவிலுள்ள சுவிட்சில் நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, வீட்டிலுள்ளோரை வெளியே அனுப்பி, நாற்றம் அடங்கிய பிறகே அருகில் செல்லுங்கள். பேட்டரி முனைகளை அந்த நேரத்தில் கழற்றவே கூடாது.

சாதாரணமாகக் கழற்றும்போதும் இதே ஒழுங்குதான்: முதலில் சார்ஜரின் மின்சாரத்தை நிறுத்தி, இன்வெர்ட்டரையும் நிறுத்தி, மேலே தேங்கிய வாயு கலைய அரை மணிநேரம் காத்திருந்து, எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், பிறகு நேர்முனை. மீண்டும் இன்வெர்ட்டரை இணைக்கும்போது அதன் உள்ளேயுள்ள மின்தேக்கிகள் நிரம்புவதால் முனையில் ஒரு தீப்பொறி எழும்; ஆகவே அந்த இணைப்பையும் மின்னேற்றம் முடிந்த கையோடு செய்யாமல், செல்களின் மூடிகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.